மெயிலுக்குள் ஒளிந்திருந்த ஏழு மணி நேரம்

தொழில்நுட்பக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். பம்பு, ஜெனரேட்டர், தையல் இயந்திரம் என்று எது வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருக்குமே, அது. நிறுவனம் எதிலும் வேலையில் இல்லை. வேலையைத் தேடுவதும் நான், செய்வதும் நான், பில் அனுப்புவதும் நான். வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் வரை உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் சில மாதங்கள் கை நிறைய வேலை, சில மாதங்கள் வெறுமை. எதனால் வருகிறது, எதனால் நிற்கிறது என்று சொல்லத் தெரியாமலேயே பல வருடம் ஓட்டிவிட்டேன்.

எண்பதுக்கு இருபது என்ற விஷயத்தை அதற்கு முன்பே படித்திருந்தேன். பலனில் பெரும்பகுதி, செய்யும் வேலைகளில் ஒரு சிறு பகுதியிலிருந்தே வருகிறது. அந்தச் சிறு பகுதியைக் கண்டுபிடி, அதைக் கூடுதலாகச் செய். அதன்படி ஒரு நாள் மாலை உட்கார்ந்து என் வேலைகளை ஒரு தாளில் எழுதி, முக்கியமானவை என்று தோன்றிய மூன்றை வட்டமிட்டேன். முதலிடம், சமூக ஊடகத்தில் மொழிபெயர்ப்பு பற்றி எழுதும் பதிவுகளுக்கு. இரண்டாவது, புதிய நிறுவனங்களுக்கு மாதிரி மொழிபெயர்ப்போடு விண்ணப்பிப்பது. மூன்றாவது, வந்த மெயிலுக்கு உடனே பதில் சொல்வது. நான்கு மாதம் அந்த மூன்றையும் தீவிரமாகச் செய்தேன். வருமானத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

அப்போதுதான் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் என் தோழியிடம் இதைப் புலம்பினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "எதை எண்ணினே?" என்பதுதான். எதையும் எண்ணவில்லை என்றேன். "அப்படின்னா நீ செஞ்சது யூகம். எது முக்கியம்னு உன்னையே கேட்டா, உனக்குப் பிடிச்சதைத்தான் சொல்லுவே. வந்த வேலையைக் கேளு, எங்கேருந்து வந்தேன்னு அது சொல்லும்."

அவள் துறையில் இது அன்றாட வேலை. பழுதான பொருட்களை எடுத்துப் பழுதின் வகைவாரியாக எண்ணுவார்கள், பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வைப்பார்கள். முதல் இரண்டு மூன்று வகைகளே மொத்தப் பழுதில் பெரும்பகுதியை விழுங்கியிருக்கும். இந்த முறைக்குப் பரேட்டோ என்று பெயர் வந்த கதையையும் அவள்தான் சொன்னாள். வில்ஃப்ரெடோ பரேட்டோ என்ற இத்தாலியப் பொருளாதார அறிஞர் 1890களில் வருமானமும் செல்வமும் மக்களிடையே எப்படிச் சமமின்றிப் பரவியிருக்கின்றன என்று ஆராய்ந்தவர். தொழிற்சாலைப் பழுதுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பெயரைத் தரக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஜோசப் ஜூரான். பரேட்டோ சொல்லாததை அவர் பெயரில் ஏற்றிவிட்டேன் என்று ஜூரானே 1975ல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார். எனக்கு இதில் பயன்பட்டது ஒன்றுதான்: எண்பது, இருபது என்பவை இயற்கை விதித்த எண்கள் அல்ல. ஒன்று பலனின் சதவீதம், மற்றது உழைப்பின் சதவீதம். இரண்டும் கூடி நூறு ஆக வேண்டிய அவசியமே இல்லை. அறுபதுக்குப் பத்து வரலாம், தொண்ணூறுக்கு முப்பது வரலாம். உங்கள் எண் என்ன என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

சரி, எண்ணலாம் என்று இறங்கினேன். எட்டு வாரம், அரை மணிக்கு ஒரு வரி, ஒரு சாதாரண நோட்டில். கணினியில் இதற்கென்று செயலிகள் உண்டு. நான் நோட்டையே வைத்துக்கொண்டேன், கண்ணெதிரே கிடந்தால்தான் எழுதுவேன். மாலையில் நினைவிலிருந்து நிரப்பினால் கணக்கு பொய்யாகிவிடும். முதல் வாரம் அப்படிச் செய்து பார்த்ததில், பிடித்த வேலைகள் பெரிதாகவும் பிடிக்காதவை சிறியதாகவும் பதிவாகியிருந்தன. அந்த வாரத்தைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

எட்டு வார முடிவில் மொத்தம் 400 மணி நேரம். அதில் 212 மணி நேரம் மொழிபெயர்ப்பும் சரிபார்ப்பும், அதாவது நேரடியாகக் காசு வாங்கும் வேலை. இங்கேதான் முதல் பள்ளம். வருமானத்தைப் பலன் என்று வைத்தால் அந்த 212 மணி நேரம்தான் நூறு சதவீதத்தையும் கொண்டுவருகிறது, மீதி எல்லாம் வீண் என்று கணக்கு சொல்லும். அது பதிலே அல்ல. வேலையைச் செய்தால் கூலி வருகிறது என்பது எனக்குத் தெரியாதா என்ன? நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அந்த வேலையை என் மேஜைக்குக் கொண்டுவருவது எது என்பது. அதனால் கூலி வாங்கும் நேரத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதி 188 மணி நேரத்தை மட்டும் பார்த்தேன்.

அந்த 188ல் மெயிலுக்கு 65, விண்ணப்பங்களுக்கும் மாதிரி மொழிபெயர்ப்புகளுக்கும் 44, சமூக ஊடகப் பதிவுகளுக்கு 31, கொட்டேஷன், பில் ஆகியவற்றுக்கு 21, சொற்பட்டியலைப் பராமரிக்க 14, மென்பொருள் சமாளிப்புக்கு 13.

இப்போது பலன் பக்கம். முந்தைய ஒரு வருடத்தில் எனக்கு வந்த வேலைகள் 62. ஒவ்வொன்றையும் எடுத்து, அதன் முதல் மெயிலைத் தேடிப்பிடித்து, இது எதனால் வந்தது என்று எழுதினேன். எந்த ஒரு செயல் நடந்திராவிட்டால் இந்த வேலை எனக்கு வந்திருக்காது என்பதுதான் ஒவ்வொரு வரியிலும் கேட்ட கேள்வி. இரண்டு மாலைகள் பிடித்தன. முழுக் கணக்கில் உண்மையான உழைப்பு இதுதான், இதைத் தவிர்த்துவிட்டால் மீண்டும் யூகத்துக்கே போய்விடுவோம்.

எக்செல்லில் முதல் பத்தி வேலையின் பெயர், இரண்டாவது எதனால் வந்தது, மூன்றாவது அதில் கிடைத்த வருமானம். F பத்தியில் காரணங்கள் ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும் எழுதிக்கொண்டு, பக்கத்தில் G பத்தியில் அதன் பங்கைக் கணக்கிட ஒரே ஒரு சூத்திரம் போதும்:

```
=SUMIF(B$2:B$63,F2,C$2:C$63)/SUM(C$2:C$63)
```

அதைக் கீழே இழுத்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதாகப் பார்த்தால் தீர்ந்தது.

என் கணக்கில் முதலில் வந்தது, நான் வட்டமிட்ட மூன்றில் இல்லாத ஒன்று. 62ல் 23 வேலைகள், வருமானத்தில் 41 சதவீதம், நான் எழுதிய ஒருவகை மெயிலுக்குப் பதிலாக வந்திருந்தன. வேலையை ஒப்படைத்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து, "உங்கள் பக்கத்தில் படித்துப் பார்த்தவர்கள் எந்தச் சொற்களை மாற்றினார்கள்? திருத்திய கோப்பை அனுப்ப முடியுமா?" என்று கேட்டு எழுதும் மெயில். அடுத்தது, பழைய வாடிக்கையாளர்கள் தாமாகவே அனுப்பியவை: 17 வேலைகள், 27 சதவீதம். ஒரு வாடிக்கையாளர் இன்னொருவரிடம் சொல்லி வந்தவை 11, அவை 22 சதவீதம். விண்ணப்பத்தால் வந்தவை ஆறே ஆறு, 6 சதவீதம். பதிவுகளைப் பார்த்து வந்தவை மூன்று, 2 சதவீதம். காரணம் கண்டுபிடிக்க முடியாதவை இரண்டு, அவையும் 2 சதவீதம்.

அந்தத் திருத்தம் கேட்கும் மெயில்களுக்கு நான் எவ்வளவு நேரம் செலவிட்டேன் என்று பார்க்க நோட்டைப் புரட்டினேன். அப்படி ஒரு வரியே இல்லை. எல்லாம் 'மெயில்' என்ற 65 மணி நேரத்துக்குள் கரைந்திருந்தது. அனுப்பிய மெயில்களின் தேதியையும் நேரத்தையும் நோட்டோடு பொருத்திப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தது ஏழு மணி நேரம். 400ல் ஏழு. இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. பதிவுகளும் விண்ணப்பங்களும் சேர்ந்து 75 மணி நேரம் தின்று, 8 சதவீத வருமானத்தைக் கொண்டுவந்திருந்தன.

வகை பிரிப்பதில் இருக்கும் சிக்கலை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியிருக்க முடியாது. மெயில் என்பது ஒரு வேலை அல்ல, வேலை நடக்கும் இடம். 'மீட்டிங்', 'போன்', 'கம்ப்யூட்டர்' எல்லாம் அப்படித்தான். நோட்டில் இடத்தின் பெயரை எழுதினால் தங்கமும் தவிடும் ஒரே மூட்டையில் போய்விடும். எதற்காகச் செய்தேன் என்று எழுத வேண்டும்: விலை சொல்ல, சந்தேகம் தீர்க்க, திருத்தம் கேட்க. ஏதாவது ஒரு வகை மொத்த நேரத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் இப்போது அதை உடைத்துப் பார்க்கிறேன்.

அந்த மெயில் ஏன் வேலை கொண்டுவருகிறது என்றும் யோசித்தேன், காரணம் தெரியாத எண்ணை நம்பி மாற்றங்கள் செய்ய எனக்குப் பயம். ஒன்றைச் சொல்கிறேன். பம்பு கையேடு ஒன்று. நான் 'அடைப்பிதழ்' என்று எழுதியிருந்தேன். திருத்திய கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால் 27 இடங்களில் சிவப்பு. நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. உற்றுப் பார்த்தால் 27ம் ஒரே சொல்தான்: அடைப்பிதழை எல்லாம் 'வால்வு' ஆக்கியிருந்தார்கள். அவர்களுடைய மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதை என் சொற்பட்டியலில் அந்த வாடிக்கையாளர் பெயருக்குக் கீழே குறித்துக்கொண்டு, "இனி வால்வு என்றே வரும்" என்று பதில் எழுதினேன். மூன்றாம் நாள் அடுத்த கையேடு வந்தது. அவர்களிடம் திருத்திக்கொண்டிருந்த பெண்மணிக்கு அடுத்த முறை 27 திருத்தம் மிச்சம். என்னை விட்டு வேறொருவரிடம் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து. காரணம் இவ்வளவு எளிமையானது. எழுதும் நேரமும் முக்கியம்: ஒப்படைத்த மறுநாள் கேட்டால் அவர்கள் படித்திருக்கவே மாட்டார்கள், ஒரு மாதம் கழித்தால் கோப்பைத் தேட வேண்டியிருக்கும்.

எண்கள் கிடைத்ததும் உடனே வெட்டத் தொடங்கவில்லை. தோழி இரண்டு சோதனைகள் சொல்லியிருந்தாள். முதலாவது, வருடத்தை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே எண்ணுவது. எந்தக் கணக்கிலும் ஏதாவது ஒன்று முதலிடத்தில் வந்தே தீரும். அது தற்செயலா என்பதை ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இரண்டு பாதியிலும் அதுவே மேலே வந்தால் ஓரளவு நம்பலாம். திருத்த மெயிலால் வந்தவை முதல் பாதியில் 11, இரண்டாவதில் 12. நிலையாக இருந்தது. பதிவுகளால் வந்த மூன்றும் முதல் பாதியிலேயே வந்திருந்தன, இரண்டாவதில் பூஜ்யம்.

இரண்டாவது சோதனை, மிகப் பெரிய ஒன்றை எடுத்துவிட்டு மீண்டும் எண்ணுவது. வாடிக்கையாளர் கணக்கில் இது கண்ணைத் திறந்தது. எனக்கு இருந்த 19 பேரில் நால்வர் சேர்ந்து 71 சதவீத வருமானம் தந்திருந்தார்கள். பாடப்புத்தகம்போல வந்திருக்கிறதே என்று மகிழ்ந்தேன். ஆனால் அந்த நால்வரில் ஒருவர் மட்டும் 34 சதவீதம். அவரை எடுத்துவிட்டால் மீதி வருமானத்தில் அடுத்த மூவரின் பங்கு 56 சதவீதமாக இறங்குகிறது. நால்வர் என்னைத் தாங்குகிறார்கள் என்று நினைத்தது சரியல்ல, ஒருவர் தாங்குகிறார், அவர் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முதல் கணக்கு எனக்குப் பலமாகக் காட்டியதை இரண்டாவது கணக்கு ஆபத்தாகக் காட்டியது.

அப்புறம்தான் மாற்றங்கள். பதிவுகளை முழுதாக நிறுத்தினேன், அதில் தயக்கம் இருக்கவில்லை. விண்ணப்பத்தையும் நிறுத்தப் பார்த்தேன். நிறுத்துவதற்கு முன் அந்த நான்கு பெரிய வாடிக்கையாளர்களும் முதன்முதலில் எப்படி வந்தார்கள் என்று பழைய மெயில்களைத் தோண்டினேன். இருவர் பரிந்துரையால். மற்ற இருவர் சில வருடங்களுக்கு முன் நான் அனுப்பிய விண்ணப்பத்தால்! ஒரு வருடக் கணக்கில் அவர்கள் 'திருத்த மெயில்', 'தாமாக வந்தது' என்ற தலைப்புகளுக்குக் கீழே இருந்தார்கள். விதை போட்ட வேலைக்கு மதிப்பெண் போய்ச் சேரவே இல்லை. பலன் தாமதமாக வரும் எந்த வேலையும் குறுகிய காலக் கணக்கில் தோற்றுத்தான் போகும். அதனால் விண்ணப்பத்தை நிறுத்தாமல், 44 மணி நேரத்தைப் பத்தாகக் குறைத்தேன். தொடர்ந்து புதுப் புது மாடல் வெளியிடும் நிறுவனங்களுக்கு மட்டும் அனுப்புவது என்று வைத்துக்கொண்டேன், பெரிய நால்வருமே அந்த ரகம்தான்.

இன்னொரு வெட்டு எனக்கு வலித்தது. சொற்பட்டியலால் வந்த வேலை என்று 62ல் ஒன்றுகூட இல்லை. எனவே அந்த 14 மணி நேரத்தையும் நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மாதம், என் சொந்தச் சரிபார்ப்பு வழக்கத்தைவிட நீள்வதைக் கவனித்தேன், ஆயிரம் சொல்லுக்கு இருபது நிமிடம் ஆனது முப்பத்தைந்து ஆகியிருந்தது. அதைக் களைப்பு என்று நினைத்தேன். பத்தாவது வாரம் ஒரு பழைய வாடிக்கையாளரிடமிருந்து மெயில்: ஒரே கையேட்டில் ஒரே பாகத்துக்கு நான்காம் பக்கத்தில் ஒரு பெயர், பதினெட்டாம் பக்கத்தில் வேறு பெயர். படிக்கிறவர் அவை இரண்டு பாகங்கள் என்று நினைத்துக்கொண்டால் என்ன ஆவது? வெட்கத்தோடு திருத்திக் கொடுத்தேன். திருத்த மெயிலால் கிடைக்கும் சொற்கள் போய்ச் சேரும் இடமே அந்தப் பட்டியல்தான். அதை நிறுத்தியதால், 41 சதவீதம் தரும் வேலையின் அடிக்கட்டையையே வெட்டியிருக்கிறேன்.

இந்தக் கணக்கின் பெரிய குறை இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். வேலைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன; பட்டியலோ அவற்றைத் தனித்தனியாக நிறுத்துகிறது. இப்போது பூஜ்யம் வாங்கிய எதையும் வெட்டுவதற்கு முன் இன்னொரு பத்தி சேர்க்கிறேன்: இதை நிறுத்தினால் எது உடையும், எத்தனை வாரத்தில் தெரியும்? பதில் எழுத முடியாவிட்டால் முழுதாக நிறுத்தாமல் பாதியாகக் குறைத்து, நான் எதிர்பார்க்கும் அறிகுறியை நோட்டில் எழுதிவைத்துக் காத்திருக்கிறேன். சொற்பட்டியலுக்கு அந்த அறிகுறி சரிபார்ப்பு நேரம். இரண்டாவது மாதமே அது கத்திக்கொண்டிருந்தது, எதைக் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தால் காதில் விழுந்திருக்கும்.

மிச்சமான நேரத்தைத் திருத்த மெயில்களில் போட்டேன். ஏழு மணி நேரத்தில் அவ்வளவு வந்தால் பதினைந்தில் இரு மடங்கு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் அதனால் வந்தவை 15 வேலைகள், அதாவது வருடத்துக்கு 23 என்ற வேகம் 30 ஆனது. நேரம் இரட்டிப்பு, பலன் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஏன் என்று பிரித்துப் பார்த்தேன். பதில் தராதவர்களுக்கு இரண்டாம் முறை நினைவூட்டி எழுதியவற்றால் ஒரு வேலைகூட வரவில்லை. கூடுதலாக வந்தவை, இதுவரை நான் கேட்டே இராத சின்ன வாடிக்கையாளர்களிடமிருந்து. இதுவரை சராசரியாக எவ்வளவு தந்தது என்பது வேறு, அடுத்த ஒரு மணி நேரம் எவ்வளவு தரும் என்பது வேறு. என் எட்டு வார நோட்டு முதலாவதை மட்டும்தான் சொல்லியிருந்தது. இப்போது நினைவூட்டல்களை விட்டுவிட்டு, யாராக இருந்தாலும் ஒரே ஒரு முறை, ஒப்படைத்த பத்தாம் நாள் எழுதுகிறேன். எட்டு வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

மீதி மெயில் நேரத்தில் பெரும்பகுதியைக் கொட்டேஷனுக்கு முந்தைய கேள்விகள் தின்றன: எத்தனை சொல், எந்தக் கோப்பு வடிவம், படங்களுக்குள் எழுத்து உண்டா, எப்போது வேண்டும். இவற்றை ஒரே படிவமாக்கி முதல் பதிலிலேயே அனுப்பத் தொடங்கியதும் நாலைந்து மெயில் பரிமாற்றம் ஒன்றாகச் சுருங்கியது. இது அதிகப் பலன் தரும் வேலை அல்ல, ஆனால் பலன் தராததை மலிவாக்குவதும் கணக்கில் அதே பக்கம்தான் சேர்கிறது.

போன மாதம் இரண்டாம் முறையாக, அந்த 62 வேலைகளை எண்ணியதைப் போலவே எல்லாவற்றையும் எண்ணினேன். வரிசை மாறியிருக்கிறது. திருத்த மெயில் இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது, பரிந்துரைகள் முதலிடத்துக்கு வந்திருக்கின்றன. பரிந்துரைத்தவர்கள் யார் என்று பெயர்பெயராகப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவர்கள் எனக்குத் திருத்திய கோப்பு அனுப்பிவந்தவர்கள். அவர்களில் ஒருவர், 27 வால்வு திருத்திய அந்தப் பெண்மணி. வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கிறார். மாறிய இரண்டாவது வாரம் ஒரு கம்ப்ரெசர் கையேடு அனுப்பினார், கூடவே அவர்கள் மெக்கானிக்குகள் சொல்லும் பாகப் பெயர்களின் பட்டியலையும் நான் கேட்காமலே இணைத்திருந்தார். அதை எந்தத் தலைப்புக்குக் கீழே எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.